ஊற்றில் குழாய் வைக்குமுன்: பழநி மலைக் கிராமங்களுக்கான கலந்தாய்வு, பாதிப்பு முன்னாய்வு வழிகாட்டி

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி என்று பழநி மலையின் கீழ்ச்சரிவுகளில் குடிநீர்த் திட்டம் என்றால் பல இடங்களில் ஒரே வடிவம்தான். மேலே ஓர் ஊற்றிலோ ஓடையிலோ சின்னத் தடுப்பு, அங்கிருந்து சரிவில் தானாக இறங்கும் குழாய், ஊர்த் தலைமாட்டில் ஒரு தொட்டி, தெருவுக்குத் தெரு இணைப்பு. மோட்டார் கிடையாது, கரண்ட் பில் கிடையாது. இப்படி எளிதான திட்டம் இரண்டாவது கோடையிலேயே நின்றுபோனால், குழாய் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வெட்டு விழுந்தால், அந்த இடத்துக்குக் கீழே யாருக்கோ தண்ணீர் நின்றுவிட்டது என்று அர்த்தம். அவரைத் திட்டம் போடும்போதே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்கச் சொல்லிச் சட்டமும் வற்புறுத்தாது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் கிராமக் குடிநீர்க் குழாய் வராது. ஆகவே பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்ற சடங்கும் இல்லை. பொறியாளரும் ஊராட்சியும் தாமாகச் செய்தால்தான் உண்டு. அதை எப்படிச் செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதற்கு ஓர் ஊரைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம்.

மேல்குடியிருப்பில் 64 வீடு, 270 பேர். காப்பித் தோட்ட வேலையும் மலை வாழையும்தான் பிழைப்பு. ஊற்று 1,200 மீட்டர் தொலைவில், தொட்டி கட்டும் இடத்தைவிட 60 மீட்டர் உயரத்தில், காட்டுக்குள் இருக்கிறது. ஊற்றிலிருந்து வழியும் ஓடை ஒன்றரை கிலோமீட்டர் இறங்கி, பளியர் கீழ்க்குடியிருப்பை ஒட்டிப் போகிறது. அங்கே 18 குடும்பம், 70 பேர். இடையில் ஒரு பீன்ஸ் தோட்டம் ஓடையிலிருந்து தண்ணீர் இறைக்கிறது. காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்ப்பர் ஒன்றும் இருக்கிறது. திட்டக் கோப்பில் பயனாளிகள் என்று மேல்குடியிருப்பு மட்டும்தான் இருக்கும்.

படி 1: பங்குனி, சித்திரையில் ஊற்றை அளப்பது

கலந்தாய்வுக்கு முன்னால் அளவு. கையில் அளவு இல்லாமல் கூட்டம் போட்டால், "எங்க ஊத்து வத்தவே வத்தாது" என்பவர் குரலும் "இதுல எங்க தண்ணி இருக்கு" என்பவர் குரலும்தான் மிஞ்சும்.

இந்தச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய வரவு. டிசம்பரில் அளந்தால் ஊற்று வீங்கியிருக்கும். அந்த எண்ணை வைத்துப் போட்ட திட்டம் மார்ச்சிலேயே பொய்யாகிவிடும். மார்ச் நடுவிலிருந்து கோடை மழை இறங்கும்வரை, வாரம் ஒரு முறை அளக்க வேண்டும். களிமண்ணும் கல்லும் வைத்துச் சிறு தடுப்புப் போட்டு, ஒரு மீட்டர் பிவிசி குழாயை அதில் செருகி, எல்லாத் தண்ணீரும் குழாய் வழியாகவே விழும்படி ஓரக்கசிவை அடைத்துவிடுங்கள். மட்டம் நிலைக்க அரைமணி நேரமாவது விட்டு, 20 லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி என்று ஐந்து தடவை பார்த்துச் சராசரி எடுக்கவும். காலை ஆறு மணிக்கு ஒன்று, பிற்பகல் மூன்று மணிக்கு ஒன்று என இரு வேளையும் அளப்பது முக்கியம். பகலில் நன்றாகக் குறைந்து விடியலில் கூடியிருந்தால், மேலே யாரோ மோட்டார் போடுகிறாரா என்று முதலில் பாருங்கள். பகலில் மரங்கள் உறிஞ்சுவதாலும் சிறிது குறையும். ஆனால் அது பாதிக்குப் பாதியாக இராது.

நம் ஊரில் ஏப்ரல் கடைசியில் வாளி 40 விநாடியில் நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு அரை லிட்டர், நாளுக்கு 43,200 லிட்டர். ஜல் ஜீவன் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு 55 லிட்டர் என்றால் மேல்குடியிருப்புக்குத் தேவை 14,850 லிட்டர். மூன்றில் ஒரு பங்குதான். கோப்பில் இதைப் பார்க்கிற எவரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஆனால் ஓர் ஆண்டின் அளவு போதாது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலமே வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கோடை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். "ஊற்று எவ்வளவு குறைந்தது?" என்று கேட்டால் பதில் வராது. "2017 கோடையில் எங்கே போய்த் தண்ணீர் எடுத்தீர்கள், ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?" என்று கேட்டால் வரும். இரண்டு மூன்று பெண்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். பதில்கள் ஒத்துப்போனால் அதை எழுதிக்கொள்ளலாம். நம் ஊரில், இப்போதைய நேரத்தைப்போல் இரு மடங்கு ஆனது என்கிறார்கள். அப்படியானால் கெட்ட ஆண்டில் விநாடிக்குக் கால் லிட்டர், நாளுக்கு 21,600 லிட்டர். திட்டம் இந்த எண்ணில்தான் நிற்க வேண்டும்.

படி 2: ஓடையோடு கீழே இறங்குவது

குழாய்ப் பாதையை அளக்கப் பலரும் போவார்கள். ஓடையோடு கீழே நடப்பவர் குறைவு. முன்னாய்வில் பாதி வேலை அந்த நடையில்தான். ஊற்றிலிருந்து, அதே அளவு தண்ணீர் கொண்ட வேறொரு ஓடை வந்து சேரும் இடம்வரை நடக்க வேண்டும்; அதற்குக் கீழே நம் குழாயின் பாதிப்பு கரைந்துவிடும். மேல்குடியிருப்பிலிருந்து இரண்டு பேர், கீழ்க்குடியிருப்பிலிருந்து இரண்டு பேர், தினமும் தண்ணீர் எடுக்கிற ஒரு பெண்ணாவது உடன் வரட்டும்.

வழியில் தண்ணீரைத் தொடுகிற ஒவ்வொரு இடத்தையும் குறியுங்கள்: குடிக்கிற துறை, துவைக்கிற கல், மாடு இறங்கும் இடம், மோட்டார் குழாய், காட்டுமாடும் யானையும் இறங்கும் தடம், சாமி கும்பிடுகிற சுனை. ஒவ்வொன்றுக்கும் எந்த மாதம், யார், இது இல்லாவிட்டால் வேறு வழி உண்டா என்ற மூன்று கேள்வி. மூன்றாவது கேள்விதான் தராசு. பீன்ஸ் தோட்டக்காரருக்குக் கிணறு உண்டு; கீழ்க்குடியிருப்புக்கு இந்த ஓடையை விட்டால் வேறில்லை. இருவருடைய இழப்பையும் ஒரே வரியில் எழுதக் கூடாது.

தரமும் இந்த நடையிலேயே தெரியும். பல்ப்பர் ஓடும் மாதங்களில் அதன் கழிவுநீர் ஓடையில் விழுந்தால் புளித்த வாடை வரும். அது நம் ஊற்றுக்குக் கீழே என்பதால் மேல்குடியிருப்புக்குக் கவலையில்லை. ஆனால் இங்கேதான் ஒரு மறைமுகப் பாதிப்பு இருக்கிறது: மேலே தண்ணீரை எடுத்துவிட்டால் அதே கழிவு குறைந்த தண்ணீரில் கரையும், கீழே குடிப்பவருக்கு வாடை கூடும். எடுக்கப்போவது தண்ணீரை மட்டும்தான் என்று நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள். ஊற்றுத் தண்ணீரைக் கோடையில் ஒரு முறை, ஐப்பசியில் முதல் பெருமழைக்குப் பின் ஒரு முறை சோதிக்க வேண்டும். களச் சோதனைப் பெட்டியில் உள்ள பாக்டீரியாக் குப்பியில் நீரை நிரப்பி வைத்து, ஒன்றிரண்டு நாளில் அது கறுத்தால் மலக்கிருமிக் கலப்பைச் சந்தேகித்து, ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பவும்.

படி 3: குழாய்ப் பாதையின் நில விவரம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடமும் அ-பதிவேட்டு நகலும் வாங்கி, பாதையை 50 மீட்டருக்கு ஒரு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் பட்டாவா, புறம்போக்கா, காடா என்று எழுதவும். தொட்டி பட்டா நிலத்தில் வருகிறதென்றால் உரிமையாளர் ஊராட்சிக்குத் தானப்பத்திரம் பதிந்து தர வேண்டும். வாய்வார்த்தையாகக் கிடைத்த இடம், நிலம் கைமாறும்போது போய்விடும்; தொட்டி புதுச் சொந்தக்காரரின் வேலிக்குள் நிற்கும்.

காடு என்று வந்த துண்டுகளுக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் பிரிவு 3(2) இருக்கிறது. குடிநீர்க் குழாய், சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒரு பணிக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலமும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மிகாத வெட்டும் என்றால், கிராம சபையின் பரிந்துரையின் பேரில் மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே அனுமதி கிடைக்கும். நம் பாதை முழுவதும் காடு என்றே வைத்தாலும், 1,200 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம்: 0.12 ஹெக்டேர். அந்தக் கணக்கில் 9 மரம்வரை. பாதையை வளைத்தால் ஒன்றுகூட வெட்ட வேண்டியிருக்காது. ஒரு நிபந்தனையை மறக்க வேண்டாம்: வசதி அரசு நிர்வகிப்பதாக இருக்க வேண்டும். தோட்டக்காரரோ தொண்டு நிறுவனமோ தம் பெயரில் போடும் குழாய்க்கு இந்த வழி திறக்காது.

ஊற்று கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருந்தால் இன்னொரு பூட்டும் உண்டு. இந்தச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது; அதற்கு முந்தைய கோப்பை நகலெடுத்துப் போடுகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, சரணாலயத்துக்குள் வருகிற, வெளியே போகிற நீரோட்டத்தைத் திருப்புவதற்கோ நிறுத்துவதற்கோ தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி கேட்கிறது. எல்லையை வனச்சரகத்தில் முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

படி 4: ஊரைக் கேட்பது

"திட்டம் வேண்டுமா?" என்று கேட்டால் எல்லாரும் வேண்டும் என்பார்கள். அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. ஒரே பெரிய கூட்டமாகப் போட்டாலும் பயனில்லை; நாற்காலியில் உட்காருகிற நாலு பேர் பேசுவார்கள், கீழ்க்குடியிருப்புக்காரர் யாராவது வந்திருந்தாலும் ஓரமாக நின்றுவிட்டுப் போவார். முதலில் தனித்தனியாக, சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும்.

தண்ணீர் எடுக்கும் பெண்களை ஊற்றடியிலேயே காலை ஆறரைக்குப் பார்ப்பது நல்லது. தோட்ட வேலைக்குப் போகுமுன் அரைமணி கிடைக்கும். பேசுகிற பொருளும் கண்முன்னால் இருக்கும். எத்தனை குடம், எந்த மாதம் சண்டை வருகிறது, யார் முதலில் பிடிப்பது, கூலிநாள் தவறுவது எப்போது என்று கேளுங்கள். கீழ்க்குடியிருப்புக்கு நாம்தான் போக வேண்டும், அவர்களை மேலே வரச் சொல்லக் கூடாது. தேன் எடுக்கவும் கடுக்காய் பொறுக்கவும் பாதிப்பேர் காட்டுக்குள் போயிருக்கும் நாளாகப் பார்த்துப் போனால் வயதானவர்கள் மட்டும் இருப்பார்கள். மூப்பரிடம் நாள் கேட்டுக்கொண்டு போங்கள். மாலைக் கூட்டமென்றால் இருட்டுமுன் முடியும்படி நேரம் வைக்கவும். யானை நடமாட்டம் உள்ள பகுதியில் ஏழு மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு, பெண்கள் வரவில்லை என்று பதிவேட்டில் எழுதுவதில் நியாயமில்லை.

வரைபடத்தை விரித்துக் காட்டினால் பலருக்குப் புரியாது. தரையில் கோலமாவால் ஓடையைப் போட்டு, வீடுகளுக்குக் கல் வைத்து, ஊற்றுக்கு ஒரு வாளி வையுங்கள். பிறகு மேல் ஊருக்கு எவ்வளவு, ஓடைக்கு எவ்வளவு என்று சொம்பால் மொண்டு காட்டுங்கள். பேச்சு உடனே பங்குக்கு வந்துவிடும். "கோடையிலயும் இதே மாதிரி விடுவீங்களா, இல்ல இப்ப மட்டும் காட்டுறீங்களா?" என்ற கேள்வி அங்கேதான் வரும். அதற்குப் பொறியாளர் கட்டுமானமாகப் பதில் வைத்திருக்க வேண்டும்.

படி 5: பங்கைக் கட்டுமானத்தில் பூட்டுவது

ஒப்பந்ததாரர்கள் கையிருப்பில் இருக்கிற 63 மி.மீ. எச்டிபிஇ குழாயைப் போட்டுவிடுவார்கள். 1,200 மீட்டரில் 60 மீட்டர் இறக்கம் என்றால் அந்தக் குழாய் விநாடிக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் இழுக்கும். ஊற்றில் இருப்பதோ அரை லிட்டர். ஆக, தடுப்பில் விழுகிற ஒவ்வொரு சொட்டையும் குழாய் உறிஞ்சிவிடும். தொட்டி நிறைந்ததும் மிச்சம் ஊர்ப்பக்கச் சரிவில் வழிந்து வீணாகும். தேவை மூன்றில் ஒரு பங்குதான் என்று கோப்பு சொல்லும். ஓடை முழுவதும் காய்ந்திருக்கும். தகராறுகள் பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான். மண்ணும் ஈரமாகி, அந்தச் சரிவு மழையில் சரியவும் இடமுண்டு.

வால்வு வைத்துக் குறைப்பது தீர்வாகாது. வால்வை யாரும் திருகலாம், திருகியது யாருக்கும் தெரியாது. ஊற்றடித் தொட்டியில் ஒரே மட்டத்தில் இரண்டு செவ்வக வாய் வைத்து, ஒன்று ஓடைக்கும் மற்றொன்று குழாய் அறைக்கும் விழும்படி கட்டலாம். வாய்களின் அகலம் 3:2 என்றால் தண்ணீரும் ஏறத்தாழ அதே விகிதத்தில் பிரியும், வரத்து கூடினாலும் குறைந்தாலும். ரசமட்டம் வைத்து இரண்டு வாயின் அடிமட்டமும் ஒன்றா என்று பார்ப்பது கட்டாயம். தண்ணீர் மெல்லிய படலமாகத்தான் வழியும் என்பதால் சில மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வே பங்கைப் புரட்டிவிடும். ஆகவே வாய்களை அகலமாக வைக்காமல் 6 செ.மீ., 4 செ.மீ. என்று குறுக்கி, துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் வெட்டிப் பதிக்கவும். இலை அடைக்காமலிருக்க முன்னால் ஒரு வலை.

நம் கணக்கில் மேல் ஊருக்கு மூன்று பங்கு, ஓடைக்கு இரண்டு பங்கு. சாதாரண ஏப்ரலில் குழாய்க்கு 25,920 லிட்டர், ஓடைக்கு 17,280. 2017 போன்ற ஆண்டில் குழாய்க்கு 12,960, அதாவது ஆளுக்கு 48 லிட்டர், ஓடைக்கு 8,640. கீழ்க்குடியிருப்பின் 70 பேருக்குக் குடிக்கவும் புழங்கவும் 3,850 லிட்டர் போக, கால்நடைக்கும் காட்டு விலங்குக்கும் மிச்சம் இருக்கும். வழியில் தோட்டத்து மோட்டார் இறைக்காமலிருந்தால். அதனால்தான் பீன்ஸ் தோட்டக்காரரிடம் ஏப்ரல், மே மாதங்களில் ஓடையில் இறைப்பதில்லை என்று எழுத்தில் வாங்க வேண்டியிருக்கிறது.

ஊர்த்தொட்டியின் வரத்துக் குழாயில் மிதவை வால்வு வையுங்கள். தொட்டி நிறைந்ததும் வால்வு மூடும், தண்ணீர் குழாயில் தேங்கி, ஊற்றடிக் குழாய் அறை நிரம்பி, அங்கிருந்து ஓடைக்கே வழியும். மிச்சம் உரியவர்களிடம் போய்ச் சேர்கிறது. ஆனால் வால்வு மூடும்போது 60 மீட்டர் அழுத்தம் முழுக்கக் குழாயின் அடிப்பகுதியில் நிற்கும். ஆறு கிலோ அழுத்தக் குழாய் அதற்கு விளிம்பிலேயே இருக்கும். எட்டு கிலோ வகை வாங்கவும்.

படி 6: மூன்று முடிவில் ஒன்று

இவ்வளவும் கையில் வந்தபின் முன்னாய்வுத் தாளில் ஒரு முடிவை எழுத வேண்டும். கெட்ட ஆண்டிலும் பாதிக்கு மேல் ஓடைக்கு விட முடிகிறது, யாருடைய ஒரே ஆதாரமும் இல்லை என்றால் அப்படியே தொடரலாம். பாதிக்கு மேல் எடுக்க வேண்டும், அல்லது கீழே ஒரே ஆதாரமாக நம்பியிருப்பவர் உண்டு என்றால் மாற்றத்தோடு தொடரலாம். நம் ஊர் இந்த இரண்டாவது வகை: பங்கீட்டுத் தொட்டி, மிதவை வால்வு, தோட்டக்காரரின் எழுத்து ஆகிய மூன்றும் மதிப்பீட்டில் செலவோடு சேர்ந்த பிறகே தொடரலாம். பங்கு பிரித்த பிறகும் இரு தரப்பில் ஒருவருக்கு ஆளுக்கு 40 லிட்டர்கூடத் தேறவில்லை, அல்லது தடுப்புக் கட்டும் இடத்தில் சரிவு ஏற்கெனவே விரிசல் விட்டு, மரங்கள் சாய்ந்து நிற்கின்றன என்றால் நிறுத்திவிட்டு வேறு ஊற்றைத் தேட வேண்டும். இந்த வரம்புகள் சட்டத்தில் உள்ளவை அல்ல. களத்தில் வைத்துக்கொள்ளத் தக்கவை.

படி 7: தீர்மானம்

கிராம சபையின் நாள்காட்டி இதற்கு வசதியாகவே இருக்கிறது. மார்ச் 22 தண்ணீர் தினச் சபையில் பொருளை முன்வைத்து, ஏப்ரலில் அளவும் நடையும் சிறு கூட்டங்களும் முடித்து, மே 1 சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். ஆனால் மலை ஊராட்சி என்றால் பத்துப் பதினைந்து குக்கிராமம் சேர்ந்தது. மக்கள்தொகை 501 முதல் 3,000வரை உள்ள ஊராட்சியில் சபைக்குக் குறைவெண் வரம்பு 100 பேர். அந்த நூறு பேரில் கீழ்க்குடியிருப்புக்காரர் ஒருவரும் இல்லாமலே தீர்மானம் நிறைவேறிவிடலாம். வன உரிமைச் சட்டத்தின் கிராம சபை வேறு: அது குடியிருப்பு அளவிலேயே கூடலாம், உறுப்பினரில் பாதிப்பேராவது இருக்க வேண்டும், வந்தவரில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். பிரிவு 3(2) கேட்பது இந்தச் சபையின் பரிந்துரையை. ஊராட்சித் தீர்மானத்தை வைத்து அனுப்பிய கோப்பு திரும்பி வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

"திட்டம் ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்ற ஒற்றை வரித் தீர்மானத்தை வைத்துப் பின்னால் எதையும் கேட்க முடியாது. ஊற்றின் புல எண், அளந்த நாளும் அளவும், பங்கு விகிதம், வாய்களின் அகலம், குழாயின் விட்டம், மிகைநீர் எங்கே போகும், வலையை யார் துடைப்பது, தோட்டக்காரரின் ஒப்புதல் ஆகியவை அந்தப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். யாராவது எதிர்த்திருந்தால் அவர் சொன்னதும் அதற்குத் தந்த பதிலும் சேர்ந்து எழுதப்பட வேண்டும். கையெழுத்து, எழுதி வாசித்துக் காட்டிய பிறகு. டீ கொடுக்கும்போது வெற்றுப் பக்கத்தில் வாங்கி வைப்பது ஊருக்கே தெரிந்த வழக்கம்தான், பின்னால் தகராறு வந்தால் அந்தப் பக்கத்துக்கு மதிப்பில்லை.

திட்டம் ஓடத் தொடங்கிய முதல் ஏப்ரலில் இரு குடியிருப்பிலிருந்தும் இரண்டிரண்டு பேர் போய் இரண்டு வாயிலும் வாளி வைத்து அளக்க வேண்டும் என்பதையும், பங்கு மாறியிருந்தால் தகட்டைத் திருத்தும் செலவு யாருடையது என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.